அத்தானுக்கு நான் பேத்தியா இருந்த மாசங்கள்

எங்க அத்தான் மீன் ஏலம் விட்டவர். காரைக்கால் கடற்கரையில படகு வந்து கூடையை இறக்கினா, அவர் குரல் எடுத்தாருன்னா அடுத்த குப்பத்துல காக்கா பறக்கும். யாரும் வாயத் திறக்காம நின்னா அவருக்கு ஆகாது. "என்னய்யா, ஊமையா எல்லாரும்?"னு ஒரு சத்தம் போடுவாரு, விலை தானா ஏறும். வயசாகி அந்த வேலையை விட்டு வீட்டுல உக்காந்த பிறகும் குரல் மட்டும் உக்காரல. எங்க அக்காகிட்ட காப்பி கேக்கிறதும் ஏலம் மாதிரிதான் இருக்கும்.

அவரோட ஒரே மகன் லண்டன்ல வேலை பாக்கிறான். இந்த ஊர்ல வெளிநாடுன்னா பிரான்சுதான். பிரெஞ்சுக்காரன் பென்ஷன் வாங்குற கிழவர் யாரைக் கேட்டாலும் ரெண்டு வார்த்தை பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பாரு. லண்டனுக்கு என்ன பண்றது? அங்க பொறந்த பேத்திக்கு அஞ்சு வயசு. தமிழ்ல "தாத்தா" சொல்லுவா, "தோசை" சொல்லுவா, அவ்வளவுதான். அத்தானுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அதைவிடக் கம்மி.

தெரிஞ்ச கொஞ்சத்தை வச்சுக்கிட்டுதான் வம்பை இழுத்தாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் வரும். ஒரு வாரம், பாப்பா சரியா சாப்பிடறது இல்லன்னு மருமக சொன்னாளாம். உடனே அத்தான் ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டு, "நோ ஈட், தாத்தா பீட் யூ!"ன்னு ஒரு முழக்கம். அப்புறம் அவரே கடகடன்னு சிரிச்சாரு. நம்ம வீட்டுல கேக்கணுமா? "சாப்பிடலைன்னா அடி பிச்சிருவேன்"னு சொல்லாத தாத்தா உண்டா? அது கொஞ்சல். கேக்கிற பிள்ளையும் சிரிச்சுக்கிட்டே ஓடும்.

அந்தப் பிள்ளை சிரிக்கல. பள்ளிக்கூடத்துல போய், "எங்க தாத்தா என்னை அடிக்கப் போறாரு"ன்னு டீச்சர்கிட்ட சொல்லி அழுதிருக்கு. டீச்சர் மருமகளைக் கூப்பிட்டு, வீட்டுல என்ன நடக்குதுன்னு பதமா விசாரிச்சிருக்காங்க. மகன் போன் பண்ணினான். "அப்பா, அவ பயந்து போயிருக்கா. கொஞ்ச நாளைக்குப் பாப்பாவ விட்டுருங்க, நாங்க பேசறோம்"னான்.

எனக்கு வந்துச்சே கோவம்! "அந்தக் கடல் தாண்டி இவர் கை நீளுமாடா?"ன்னு நான் எகிறினேன். அத்தான் அன்னைக்கு ராத்திரி சோறு தின்னல. மறுநாள், "மாப்ளே, அவ என்னைப் பாத்ததுகூட இல்ல. அவளுக்கு நான்னா இந்தக் குரல் மட்டும்தான். அதுவே அடிக்கிற குரலாப் போச்சு"ன்னாரு.

பாப்பாகிட்ட இதமாப் பேச இங்கிலீஷ் படிக்கணும்னு முதல்ல என்கிட்டதான் வந்தாரு. நான் கவர்மெண்ட் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எல்லாம் மேலதிகாரிக்கு எழுதற இங்கிலீஷ். அதை அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட பேசினா அது லீவு லெட்டர்தான் எழுதித் தரும். கடைசியில மருமகளே முன்வந்தா. பாப்பா பள்ளிக்கூடம் போன நேரத்துல அங்கேருந்து கூப்பிடுவா. "மாமா, நீங்க தப்பா நெனைச்சுக்கக் கூடாது"ன்னு ஆரம்பிச்சுதான் எல்லாத்தையும் சொல்லுவா.

அவ சொல்லிக்கொடுத்த விதமே புதுசு. தமிழ்ல நெனைச்சு அப்படியே மாத்தாதீங்க மாமா, முழு வாக்கியமா அவங்க சொல்ற மாதிரியே சொல்லிப் பழகுங்கன்னா. "டெல்!"னு சொன்னா அதட்டுற மாதிரி இருக்கும், "வுட் யூ லைக் டு டெல் மீ?"ன்னு கேளுங்க, சொல்லப் பிரியமான்னு. "சாப்டியா"ன்னு கேட்டா "யெஸ்"ஸோட முடிஞ்சு போகும், "வாட் டிட் யூ ப்ளே டுடே?"ன்னு கேட்டா ரெண்டு வார்த்தை கூட வரும். புரியலைன்னா சத்தம் போடாம, "கேன் யூ சே இட் அகெய்ன், ஸ்லோலி?" எல்லாத்தையும்விட முக்கியம், "டேக் யுவர் டைம்." மெதுவா சொல்லு, அவசரமில்லை. "அதைச் சொல்லிட்டு நிஜமாவே காத்திருக்கணும் மாமா. லைன்ல குரல் போய்ச் சேர ஒரு நொடி ஆகும். அதுக்குள்ள நீங்க பேசினா அவ நிறுத்திருவா."

காத்திருக்கிறதா! ஏலக்காரர்கிட்ட போய்ச் சொல்ற பேச்சா இது?

ஒத்திகைக்கு ஆள் வேணுமே. அக்கா, "எனக்கு அடுப்புல வேலை இருக்கு"ன்னு கழண்டுக்கிட்டா. மாட்டினவன் நான். காலையில ரெண்டு பேரும் கடற்கரைச் சாலையில நடப்போம். நான் அஞ்சு வயசுப் பேத்தி. தலை நரைச்ச பேத்தி! அவர், "வாட் டிட் யூ ப்ளே டுடே?"ன்னு கேப்பாரு. நான் வேணும்னே வாயத் திறக்க மாட்டேன். அவர் கழுத்து நரம்பு புடைக்கும். "பேசித் தொலையேன்!"னு கத்திருவாரு. "அத்தான், பாப்பா போனை வச்சிட்டா"ன்னு நான் சொல்லுவேன். மறுபடி முதல்லேருந்து. கூடை சுமந்து போற பொம்பளைங்க நின்னு, "அண்ணே, காலங்காத்தால யாரை இப்படித் திட்டுறீங்க?"ன்னு கேட்டாங்க. மனுஷன் கொஞ்சிக்கிட்டு இருக்காருன்னு எப்படிச் சொல்றது?

ஆனா ஒரு நாளும் விடல. நான் சலிச்சு, "எதுக்கு இந்தப் பாடு? பெருசானா தானா புரிஞ்சுக்குவா"ன்னு சொன்னப்ப, "அதுவரைக்கும் அவ பயந்துக்கிட்டே இருக்கணுமா?"ன்னு ஒரே கேள்வி. கொஞ்சம் கொஞ்சமா குரல் இறங்குச்சு. ஒரு நாள் அக்கா வந்து, "உங்க அத்தான் காப்பி கேட்டது காதுல விழவே இல்லடா, உடம்புக்கு ஏதாச்சும் இருக்குமோ?"ன்னு கேட்டா.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, பாப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு மருமக போன் பண்ணினா. அவ பேசலைன்னா வற்புறுத்தக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டா. அன்னைக்கும் அவ பேசலைன்னா அத்தான் ஒடைஞ்சு போயிருப்பாரு, அது எங்களுக்குத் தெரியும். ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிட்டு மூணு பேரும் சுத்தி உக்காந்தோம்.

"ஹலோ கண்ணா. இட்ஸ் தாத்தா. டேக் யுவர் டைம்."

ஒரு சத்தமும் இல்ல. மூச்சு விடற ஓசை மட்டும் கேக்குது. எனக்கு இருப்புக் கொள்ளல, நானே ஏதாச்சும் பேசிருவேன் போல இருந்துச்சு. அத்தான் என் கையைப் பிடிச்சு அமுக்கிட்டாரு. வாய் மட்டும் திறக்கல.

பொடிக் குரல் ஒண்ணு வந்துச்சு. "தாத்தா, ஆர் யூ ஸ்டில் ஆங்கிரி?"

இன்னும் கோவமா இருக்கீங்களான்னு கேக்குது! இத்தனை மாசமா அந்தப் பிள்ளை இதை மனசுலயே வச்சுக்கிட்டு இருந்திருக்கு. இதுக்கு யாரும் பாடம் எடுக்கல, நாங்க நடைபாதையில ஒத்திகையும் பாக்கல. அக்கா முந்தானையை வாயில வச்சு அழுத்திக்கிட்டா.

அத்தான் ஒவ்வொரு வார்த்தையா எடுத்துச் சொன்னாரு. "நோ கண்ணா. நாட் ஆங்கிரி. நெவர் ஆங்கிரி. தாத்தா மேட் அ பேட் ஜோக். ஐ ஆம் சாரி."

அவர் ஊர்ல ஒருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டு நான் பாத்ததில்ல. அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட, தனக்கு வராத பாஷையில, அவ்வளவு மெதுவாக் கேட்டாரு. மறுபடி அந்த அமைதி. மறுபடி காத்திருந்தாரு.

"ஓகே"ன்னுச்சு அந்தக் குரல். "டோன்ட் கோ. ஐ வில் ஷோ யூ மை டால்."

தட தடன்னு ஓடற சத்தம். பொம்மையைக் காட்டப் போறாளாம், போன்ல! நான் சிரிக்கப் போனேன், அத்தான் முறைச்சாரு. ஓடி வந்து ரிசீவர்கிட்ட எதையோ உரசறது கேட்டுச்சு. "லுக், தாத்தா!"

அத்தான் போனுக்கு நேரா குனிஞ்சு, கண்ணைச் சுருக்கி உத்துப் பாத்தாரு. நிஜமாவே பாத்தாரு. "ஓ, வெரி பியூட்டிஃபுல்!"னாரு. "வாட் இஸ் ஹர் நேம்?"