இல்லாத காணியை அளந்தவர்

ஓய்வுபெற்ற நில அளவையாளர் கனகசபைக்கு பயிற்சிக்கு அழைத்த அந்தக் கடிதமே அவமானமாக இருந்தது. 1990ஆம் ஆண்டு தொடக்கத்தில், அயலவர் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு அவர் பெயரைப் புத்தூர்ச் சனசமூக நிலையம் முன்மொழிந்திருந்தது. சம்பளமில்லாத வேலை. அதற்கும் முதலில் ஐந்து நாள் பயிற்சி, பயிற்றுநரின் மதிப்பீடு, பிறகுதான் நியமனமாம்.

"முப்பத்திரண்டு வருசம் கோட்டு வழக்குகளுக்குக் காணி அளந்தவன். என்னைச் சோதிக்கினமோ?" என்று மனைவியிடம் சீறிவிட்டுத்தான் போனார்.

நான்காம் நாள் நடிப்புப் பயிற்சி. இரண்டு பேர் வேலிச் சண்டை போடும் அயலவராக நடித்தார்கள். கனகசபைதான் மத்தியஸ்தர். அவர்கள் வாய் திறக்குமுன் காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்டார். கற்பனைக் காணிக்கு ஏது உறுதி? கரும்பலகையில் தாமே படம் கீறி, எல்லை போட்டு, "வேலியை ரெண்டு முழம் பின்னுக்குத் தள்ளுங்கோ" என்று தீர்ப்பும் சொன்னார்.

பயிற்றுநர் மார்கிரட் எழுந்தார். "ஐயா, மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அந்த ரெண்டு பேருமே கதைச்சு ஒரு முடிவுக்கு வரவேணும்."

கனகசபை மேசையில் அடித்தார். "என்ரை பிளான் பிழையெண்டு ஒரு நீதிபதியும் சொன்னதில்லை, பிள்ளை!"

"சரி ஐயா. நீங்கள் அளந்துகுடுத்த வழக்கு முடிஞ்ச பிறகு அந்த அயலவர் ஆளோடை ஆள் கதைச்சவையோ?"

கனகசபை பழைய வழக்குகளை எண்ணத் தொடங்கினார். பதினொரு வருடமாகத் தன்னோடு பேசாத பக்கத்து வீட்டுத் தம்பிராசாவின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. இரண்டு வீட்டுக்கும் இடையிலான அந்த வேலியையும் கனகசபைதான் அளந்தார், ஓர் அங்குலமும் பிழையில்லாமல்.