வாசல் தாண்டாத பூட்ஸ்

விஜயா கெட்டவள் இல்லை, ஆசாரக்காரி. செஞ்சியில் நெல் வியாபாரம் செய்யும் ஜீவராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல், அந்தச் சமண வீட்டுக்குள் தோல் சாமான் எதையும் அவள் நுழைய விட்டதில்லை. மகள் அனந்தமதிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து கால் சூம்பிப்போனது. ஏழு வயதில் சென்னை ஆஸ்பத்திரியில் இரும்புச் சட்டம் வைத்த தோல் பூட்ஸ் கொடுத்தார்கள். அப்போதும் விஜயா மசியவில்லை. பெண் தெருவில் நடப்பாள்; வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் தவழ்வாள். ஐந்து வருஷமாக இதுதான் வழக்கம்.

அறுபத்து நான்காம் வருஷத்துக் கார்த்திகை மழையில், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் பூட்ஸ் சொதசொதவென்று ஊறிவிட்டது. மறுநாள் காலை கணக்குப் பரீட்சை.

"என்னத் தூக்கினு போனா நான் வரமாட்டேன் நைனா. எல்லாம் சிரிப்பாங்க" என்று அழுதாள் அனந்தமதி.

ஜீவராஜ் சேற்றைத் துடைத்தார். சட்டத்தைக் கழற்றி, கயிற்றை உருவி, பூட்ஸின் நாக்கை விரித்து, பழைய பேப்பரைக் கசக்கி விரல் முனைவரை அடைத்தார். பின்கட்டுத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். சாரல் அடிக்கும் இடத்தில் எது காயும்? விளக்கு வைத்தபிறகும் பூட்ஸ் ஈரமாகவே இருந்தது. சமையற்கட்டில் தோல் கூடாது. கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருக்கிறதே என்று விஜயா அதன் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

திரும்பி வந்த ஜீவராஜ் ஓடிப்போய் எடுத்தார். "இன்னா பண்ற நீ? அனல் பட்டா தோலு சுருங்கி வெடிச்சிடும். அப்புறம் கால் உள்ள போவாது. வேற பூட்ஸ் வர ஆறு மாசம் ஆவும்!"

"அப்ப எப்படிங்க காயும்?"

"காத்துலதான் காயணும். நனையாத இடமா, காத்து வர்ற இடமா இருக்கணும்."

அப்படிப்பட்ட இடம் அந்த வீட்டில் ஒன்றுதான்: நடுக்கூடம். அவர் அதைச் சொல்லவில்லை. விஜயா அந்தப் பூட்ஸைத் தன் கையாலேயே உள்ளே எடுத்து வந்தாள். இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து, அடியிலும் காற்றுப் போகும்படி அதைப் படுக்கவைத்து, எதிரெதிர்க் கதவுகளைத் திறந்துவிட்டாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து, பேப்பர் நமுத்துப்போகும்போதெல்லாம் உருவி வேறு அடைத்தாள். பாவம் செய்கிறோமோ என்ற எண்ணம் விடவில்லை.

விடிந்தபோது உள்ளே லேசான குளிர்ச்சிதான் மிச்சம். தோல் மெத்தென்று இருந்தது. பூட்ஸ் போட அனந்தமதி வழக்கம்போல் வாசலுக்குத் தவழப் போனாள்.

"இங்கயே போட்டுக்கோம்மா" என்றாள் விஜயா.

அவள் பயந்து அம்மாவைப் பார்த்தாள். தடித்த காலுறைக்கு மேல் மாட்டி, சட்டத்தைப் பொருத்தி, சுவரைப் பிடித்து எழுந்தாள். கூடத்தில் டக் டக்கென்று நாலடி வைத்து, தவழ்ந்தவளுக்கு இதுவரை எட்டாத ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நம்ம வீட்லேர்ந்து கோட்டை மலை தெரியுமா?"


விஜயா போய் ஜன்னலின் மறு கதவையும் திறந்துவிட்டாள்.