முப்பத்தொரு காயம்

என் அம்மா நவமணிக்கு லாபத்தின் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. மாதம் முடிந்ததும் அந்த எண்ணைத் தாளில் அவளே எழுதுவாள். கடைசிப் பத்தியில் எழுதுவாள், அவ்வளவுதான். “இது வந்து சேந்தது. மத்ததெல்லாம் வரப்போறது” என்பாள்.

அவள் போய் நாற்பது நாள் ஆகிறது. இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பத்தொன்பது வயது வரை பால் வெட்டியவள். கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்து குனோங் ராபாட்டில் குடியிருந்தாள். மாலை வகுப்பில் தட்டச்சு கற்று, 1974இல் உடையப்பன் செட்டியாரின் டயர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியானாள். தேய்ந்த லோரி டயரைச் சீவி, புது ரப்பர் ஓடு ஒட்டி, சேம்பரில் வேகவைத்து மறுபடி ஓடவிடும் தொழில். செலுப் டயர் என்பார்கள். ஈப்போ, சுங்கை சிப்புட், சிலிம் ரிவர் என்று மூன்று கடைகள், மூன்றிலும் தனித்தனி சேம்பர். ஓடு பிரிந்து திரும்பி வரும் டயர் எந்தக் கடையில் போட்டதானாலும் ஈப்போவுக்கு அனுப்ப வேண்டும். அதைப் பதிவது அம்மா வேலை.

பதிவதோடு நிற்கவில்லை. யாரும் கேட்காமலே ஒரு தாள் தயாரித்தாள். கடைக்கு ஒரு வரி. திரும்ப வந்த டயர் எத்தனை. எடுத்த டயரைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள். போன வருஷம் வந்த லோரிக்காரர்களில் இந்த வருஷமும் வருகிறவர் எத்தனை பேர். சேம்பரைத் தனியாக ஓட்டத் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர். பிறகு லாபம். ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். நான் அப்போது பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் முதலாண்டு, ஆலோசனைக்குக் குறைவில்லை. “அஞ்சுக்கு மேல போனா எதையும் பாக்க மாட்டாங்கடா” என்றாள்.

1984 நவம்பரில் உடையப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். சுங்கை சிப்புட் கடைக்கு நாற்பத்தெட்டாயிரம் வெள்ளி லாபம். சிலிம் ரிவருக்கு ஒன்பதாயிரம். வருஷக் கடைசியில் சிலிம் ரிவரை மூடி, அதன் சேம்பரைச் சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுபோவது. சிலிம் ரிவரில் பதினொரு பேர் வேலை செய்தார்கள். மேனேஜர் பத்துமலை, பழைய டயரைத் தட்டிப் பார்த்து, உள்ளே கம்பி விட்டுப்போயிருந்தால் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுவார். வேலை குறைந்த நாளில் ஆட்களுக்கு சேம்பர் பழக்குவார். இரண்டும் லாபத்தில் கழிவாகத்தான் தெரியும்.

அம்மா தன் தாளை முதலாளி மேசையில் வைத்தாள். அவர் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு, இதுதான் எனக்குத் தெரியுமே என்றாராம். தாள் மேசையிலேயே கிடந்தது.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனதும் முதலாளி காரில் ஏறச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. கார் நேரே சுங்கை சிப்புட் போனது. கடை வாசலில் இறங்கியதும் வேலையாட்களை வரிசையாக நிறுத்தினார். எட்டுப் பேர். ஒவ்வொருவராகக் கையை நீட்டச் சொல்லி விரலை எண்ணினார். ஒருவனைச் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்.

அங்கே மேனேஜர் கார்த்திகேசு. நல்ல வாய். “என்ன முதலாளி, பொண்ணு பாக்க வந்தீங்களா? மாப்பிள்ளைங்க எல்லாருக்கும் கல்யாணம் ஆயிருச்சுலா” என்றார்.

முதலாளி அம்மா பக்கம் திரும்பினார். “நாலு மாசத்துல முப்பத்தொரு காயம்னு எழுதி வச்சிருக்கே. எட்டுப் பேருக்கு முப்பத்தொரு காயமா? சர்க்கார்ல கேட்டா நான் என்ன சொல்றது?”

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது, முந்தின இரவு அவர் முதல் பத்தியையும் பார்த்திருக்கிறார். திரும்பி வந்த டயர் பத்தியின் தலைப்பில் ‘காயம்’ என்று எழுதியிருந்தாள். தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு அது சாதாரணச் சொல். உளி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கினால் மரத்துக்குக் காயம். அன்றைக்குப் பால் கூடுதலாக வடியும். பிறகு அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், திரும்ப வெட்ட முடியாது. அதனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பால் எடையை மட்டும் பார்க்க மாட்டார். மரத்துக்கு மரம் போய்க் காயத்தையும் எண்ணுவார். உடையப்பனோ செட்டியார் மரபில் வந்தவர், தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. காயம் என்றால் அவருக்கு ரத்தம்.

அம்மா அங்கேயே நின்று இதைச் சொன்னாள். கார்த்திகேசு சிரித்தார். “மரம் வெட்ற கதையெல்லாம் இங்க எதுக்குக்கா? இது டயர்.”

“ரெண்டும் ரப்பர்தானே அண்ணே” என்றாள் அம்மா.

முதலாளி சிரிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கடையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நடந்தார். வேலை நாள், ஆனால் சேம்பர் குளிர்ந்து கிடந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆளுக்குக் காய்ச்சல். அவனோடு சேம்பர் ஓட்டிய இருவரைச் சம்பளம் மிச்சமென்று ஜூலையில் நிறுத்தியிருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு குவியல் இருந்தது. முதலாளி தூக்கிப் பார்த்தார். ஓடு பிரிந்த டயர்கள், ஈப்போவுக்கு அனுப்பாதவை. நாற்பத்திமூன்று.

அம்மா எதிர்பார்க்காதது அது. அவள் எழுதிய முப்பத்தொன்றும் அரைகுறைக் கணக்குதான்.

திரும்பும் வழியில் முதலாளி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டி, முதல் பத்தியிலிருந்து படிக்கச் சொன்னார். அம்மா படித்தாள். சுங்கை சிப்புட்டில் இருபத்தாறு லோரிக்காரர்களில் பதினேழு பேர்தான் மிச்சம். சிலிம் ரிவரில் பழையவர்கள் பதினாலு பேரில் ஒருவரும் போகவில்லை, புதிதாக ஐந்து பேர். சேம்பர் ஆள் அங்கே நாலு, இங்கே ஒன்று. ஓடு பிரிய மூன்று நாலு மாதம் ஆகும், அதனால் இந்த வருஷ லாபத்துக்குள் அடுத்த வருஷ நஷ்டம் உட்கார்ந்திருக்கிறது என்றாள். “மூடாதீங்கன்னு நான் சொல்லல முதலாளி. ஒரு வருஷம் பாத்துட்டு மூடுங்க.”

அவர் பார்த்தார். 1985 எல்லாருக்கும் கெட்ட வருஷம். சுங்கை சிப்புட் பதினோராயிரத்துக்கு இறங்கியது. சிலிம் ரிவர் இருபத்திரண்டாயிரத்துக்கு ஏறியது. மூடும் பேச்சு அதோடு நின்றது.

கார்த்திகேசுவை முதலாளி நீக்கவில்லை. காயம் குறைந்தால் போனஸ் என்றார். அடுத்த மூன்று மாதம் அந்தப் பத்தியில் பூஜ்யம். அம்மா பூஜ்யத்தைப் பார்த்து மகிழவில்லை. லோரி உரிமையாளர்களான தவுக்கேமாருக்கு டெலிபோன் போட்டாள். திரும்பக் கொண்டுவந்த டயரைக் கடையில் வாங்குவதே இல்லை என்று தெரிந்தது. மறு மாதம் முதல் அந்த எண்ணைக் கடைக்காரனிடம் கேட்காமல் லோரிக்காரனிடம் கேட்டாள். ஓர் எண்ணுக்குப் பணம் கொடுத்தால் அந்த எண்தான் வரும் என்று எனக்குச் சொன்னாள். அதை நான் எந்த வகுப்பிலும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு புதுப் பெயர் சொன்னார், ‘பேலன்ஸ்ட் ஸ்கோர்கார்டு’. பணம், வாடிக்கையாளர், உள்வேலை, கற்றல். நாலு கட்டம், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகும்படி அடுக்க வேண்டும். அந்தக் கையேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. காயம் எங்கடா?”

காரியத்தன்று சிலிம் ரிவரிலிருந்து ஒரு வேன் வந்தது. பத்துமலை இறங்க முடியாமல் இறங்கினார். கூட அந்தப் பதினொரு பேரில் ஏழு பேர். மற்ற நாலு பேரில் ஒருவர் உயிரோடு இல்லை, இருவர் வெளியூர் போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஒருவர் வராததற்குக் காரணம் கேட்டேன்.

“சேம்பர் ஓடுதுப்பா” என்றார் பத்துமலை. “யாராவது ஒருத்தர் நிக்கணும்ல.”