இருபது பேர் அக்கரையில்

ஜெர்மன் சண்டைக்கு முந்திய ஆண்டுகளில் நாங்கள் அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தாமிரபரணியின் வடகரையில் ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஊரில் புது வேதக்கோயில் கட்டி முடிந்து, ஆனி மாதத்தில் பிரதிஷ்டை வைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அசனம். ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் ஊர் கூடிப் போடுகிற சாப்பாடு அது. ஆயிரம் பேர் வருவார்கள் என்று கணக்கு.

கல்யாணத்துக்கு முன் நான் பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் விடுதிச் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அதனால் யார் எப்போது வரவேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்பதை என்னிடம் விட்டுவிட்டார்கள். அடுப்புக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சமையற்கார அண்ணாச்சியும் அவர் ஆட்கள் நான்கு பேரும் வந்தார்கள்.

பந்தலில் வரிசைக்கு ஐம்பது பேராக நான்கு வரிசை. ஒரு பந்திக்கு இருநூறு பேர், ஆக ஐந்து பந்தி. இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்துத் தண்ணீர் தெளிக்க முக்கால் மணி நேரம். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினால் நாலு மணிக்குள் முடியும். சோற்றுக்கு இரண்டு பேர், குழம்பு, கூட்டு, ரசம், தண்ணீர், இலையும் உப்பும் என்று வரிசைக்கு ஏழு பேர். எச்சில் இலை எடுக்க நாலு பேர். மொத்தம் முப்பத்திரண்டு. எங்கள் ஊர் வாலிபர்கள் பன்னிரண்டு பேர்தான் தேறினார்கள். மீதி இருபது பேரை அக்கரை ஊர்ச் சபையார் அனுப்புவதாகச் சொன்னார்கள். காய் நறுக்கவும் மசாலா அரைக்கவும் பன்னிரண்டு பெண்கள் விடியுமுன் வந்து, ஒன்பது மணிக்குக் கையைக் கழுவிவிட்டு ஆராதனைக்குப் போகலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

முந்தின ராத்திரி மேற்கே மலையில் சாரல் வலுத்துவிட்டது. விடிந்து பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டு ஓடுகிறது. தோணிக்காரர் தோணியை மரத்தில் கட்டிப் போட்டுவிட்டார். அக்கரையில் ஜனங்கள் நிற்பது தெரிந்தது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை.

பரிமாற ஆளில்லை, சரி. ஆனால் சாப்பிட வருகிறவர்களிலும் முந்நூறு பேர் அக்கரைக்காரர்கள். அவர்கள் வருவார்களா, வரமாட்டார்களா? வராவிட்டால் இவ்வளவு சோறு எதற்கு? மத்தியானம் தண்ணீர் வடிந்து எல்லோரும் ஒன்றாக வந்து இறங்கினால்?

என் கணவர், "தண்ணி வடிஞ்சிரும். நீ பதறாத" என்றார். வடியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். ஆராதனை ஏற்பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அண்ணாச்சியிடம் போனேன். ஐந்து அண்டா சோறு, பந்திக்கு ஒன்று என்று பேசியிருந்தோம். முதல் மூன்றை மட்டும் வடிக்கச் சொன்னேன். மற்ற இரண்டுக்கும் உலை கொதித்துக்கொண்டே இருக்கட்டும், நான் சொன்ன பிறகு அரிசி போடுங்கள் என்றேன். அவர் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

"விறகு கூடச் செலவாகும், வாத்தியாரம்மா. அது பரவாயில்ல. சோத்த நான் ஆக்கிருவேன். கொண்டுபோய்ப் போட ஆளு எங்கன இருக்கு?"

அதுதான் என் கேள்வியும். பன்னிரண்டு பேரை வரிசைக்கு ஆறாகப் பிரித்தால் இரண்டு வரிசையைச் சமாளிக்கலாம். அதுவும் சாப்பிட்டவர்கள் தங்கள் இலையைத் தாங்களே எடுத்துப் போட்டால்தான். நூறு நூறாகப் போட்டால் இக்கரை ஜனம் எழுநூறு பேருக்கே ஏழு பந்தி. ஐந்து மணி தாண்டிவிடும். ஆழ்வார்குறிச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் எப்போது வீடு போய்ச் சேருவார்கள்? இந்தப் பன்னிரண்டு பேரும் ஏழு பந்தி நிற்க முடியுமா?

கடைசியில் காய் நறுக்கிய பெண்களிடம் போனேன். அவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் தொடங்கி உட்கார்ந்து வேலை செய்தவர்கள். ஆராதனைக்குப் போங்கள், போய்விட்டு வந்து பெண்கள் வரிசைக்கு நீங்கள் பரிமாற வேண்டும் என்று கேட்டேன். ஆறு பேர் ஒரு பந்தி, மற்ற ஆறு பேர் அடுத்த பந்தி, நடுவில் உட்கார்ந்து கொள்ளலாம் என்றேன். அவர்களில் மூத்தவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"செய்யுதோம் யக்கா. ஆனா எங்களுக்கும் சோறு மிச்சம் இருக்கணும்."

அப்படி மூன்று வரிசை ஆயிற்று. பந்திக்கு நூற்றைம்பது பேர், இக்கரை ஜனத்துக்கு ஐந்து பந்தி. ஆராதனையில் நானும் போய் உட்கார்ந்தேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. பிரசங்கம் நீண்டால் பந்தி தள்ளிப்போகுமே என்ற நினைப்பிலேயே இருந்தேன். அது நீளத்தான் செய்தது. முதல் பந்தி பன்னிரண்டரைக்குத்தான் உட்கார்ந்தது.

இரண்டு பந்தி ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் குழம்பு வாளி தூக்கியவனுக்குக் கை தளர்ந்து, ஒரு பெரியவர் முழங்காலில் சுடச்சுடக் கொட்டிவிட்டான். ஈரத்துணி போட்டு அவரை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். பெரிய காயமில்லை. அந்தப் பையன் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து அவன் தண்ணீர் சுமந்தவன், சாப்பிடவும் இல்லை. பரிமாறுகிறவர்கள் முதலில் சாப்பிட வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். காலையில் நடந்த குழப்பத்தில் அது விட்டுப்போயிருந்தது. அவனை உட்காரவைத்து இலை போட்டேன். பதினோரு பேர் ஆனார்கள்.

அப்போது தோணி வருகிறது என்று யாரோ சொன்னார்கள். ஆறு இறங்கியிருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் பந்தலுக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள். பரிமாறுகிறவன் ஒருவன்கூட இல்லை.

துறைக்கு ஓடினேன். என் கணவர் அங்கே நின்று கையைப் பிடித்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். முந்நூறு பேரில் பலர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்களாம், பரிமாறுகிறவர்களையும் சேர்த்து நூறு பேர்போலக் காத்திருந்தார்களாம். ஒரே தோணி, ஒரு நடைக்கு இருபது பேர். பெரியவர்கள் வெகு நேரமாகப் பசியோடு நிற்கிறார்கள், அவர்களை முதலில் ஏற்றத் தோணிக்காரரிடம் சொன்னேன் என்றார்.

"அவங்க வந்தா போட யாரு இருக்கா?" என்றேன். "அடுத்த நடையில பரிமாறுத ஆளுகள ஏத்தச் சொல்லுங்க. இல்லன்னா அவங்க வந்து சேருதப்ப அசனமே முடிஞ்சிருக்கும்."

"விருந்தாளிய நிறுத்திட்டு வேலைக்காரங்கள ஏத்தவா? சபையில என்ன நினைப்பாவ?"

"என்னமும் நினைக்கட்டும். அங்கன நாலு பேரு நிக்க முடியாம நிக்காங்க."

பத்துப் பேர் முன்னால் அவரோடு அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. முகம் சிவந்துபோயிற்று அவருக்கு. ஆனாலும் தோணிக்காரர் பக்கம் திரும்பி, அடுத்த நடையில் பரிமாறுகிறவர்களை மட்டும் ஏற்றி வரச் சொன்னார். நான் திரும்பிப்போய் நாலாவது அண்டாவுக்கு அரிசி போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஐந்தாவதுக்கும் பாதி போடச் சொன்னேன்.

அடுத்த நடை வர அரை மணிக்கு மேல் ஆயிற்று. அதற்குள் நாலாம் பந்தி எப்படி நடந்தது என்று எனக்கே சரியாக நினைவில்லை. நானும் ரசவாளி தூக்கினேன். பெண்களில் ஒருத்தி பந்தல்காலில் சாய்ந்து, கரண்டி கையில் இருக்கும்போதே தூங்கிவிட்டாள். அவளை எழுப்பவில்லை. இருபது பேரும் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியதும் பெண்களை எல்லாம் போய் உட்காரச் சொன்னேன். கடைசி இரண்டு பந்தியும் நாலு வரிசையாக ஓடின. பந்தல் காலியானபோது மணி ஐந்தரையாகிவிட்டது.

பெண்கள் சாப்பிட உட்கார்ந்தபோது சோறும் குழம்பும் இருந்தன. கூட்டும் ரசமும் தீர்ந்திருந்தன. யாரும் குறை சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கணவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் இலைக்கருகே வைத்துவிட்டு, தள்ளிப்போய் நின்றார். இரண்டு நாள் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள், அறுப்பின் பண்டிகை அசனத்துக்கு ஆள் எப்படி வைக்கலாம் என்று தாமே கேட்டார். அக்கரை ஆட்கள் முந்தின நாளே வந்து பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டும் என்றேன். அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.