ஒரே எடையில் உடையாத குச்சிகள்

நான் வேலை பார்ப்பது தஞ்சாவூருக்கு மேற்கே, செங்கிப்பட்டிப் பக்கம், ஒரு சிறிய பீங்கான் பட்டறையில். கோப்பை, தட்டு செய்யும் இடம் இல்லை அது. அலுமினா என்ற வெள்ளை மாவை அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, பலகைகள் செய்வோம். அரிசி ஆலைகளில் நெல் விழுந்து ஓடும் சரிவுகளில் அவற்றைப் பதிப்பார்கள். உமி உரசி உரசி இரும்புத் தகட்டையே ஓட்டையாக்கிவிடும். எங்கள் பலகை லேசில் தேயாது. ஆனால் உடையும். இரும்பைப்போலக் கொஞ்சம் வளைந்து கொடுத்துத் தப்பிக்க அதற்குத் தெரியாது.

உடைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு தடவை சூளை பிரிக்கும்போதும் பலகைகளோடு சேர்த்துச் சுட்ட விரல் நீளக் குச்சிகள் சில வரும். அதே மாவு, அதே சூடு. குச்சியை இரண்டு முட்டுகளின் மேல் கிடத்தி, நடுவில் மேலிருந்து மெல்ல அழுத்த வேண்டும். டக்கென்று உடையும். அந்த நேரம் மீட்டரில் என்ன எடை நின்றது என்று எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு அது போதும்.

அறை சின்னது. கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் வர மாட்டார்கள். எனக்கு நாலு பேர் நடுவில் பேச்சு வராது. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வேப்பமரத்தடியில் கூடிச் சிரிப்பார்கள். நான் அறையிலேயே சாப்பிட்டுவிடுவேன். கல்யாணம் ஆகவில்லை. வல்லம் பக்கம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். உறவென்று நன்னிலத்தில் ஒரு தங்கை, அவ்வளவுதான். பகலில் உட்கார அந்த அறை இருந்ததால்தான் என் பொழுது போனது என்று சொல்ல வேண்டும்.

குச்சிகள் ஒன்றுபோல் உடையாது. ஒன்று முப்பது கிலோவில் போகும். அடுத்தது இருபத்திரண்டிலேயே போய்விடும். அதற்கடுத்தது முப்பத்திமூன்றைத் தாண்டி நிற்கும். பார்க்க எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்போல இருக்கும். சூப்பர்வைசர் என் தாளை வாங்கி, குறைந்த எண்களை மட்டும் பேனாவால் அடித்துவிடுவார்.

"இது கை பிசகு. குச்சிய கோணலா வச்சிருப்பீங்க. பாத்து வைங்க."

"நேராத்தான் வச்சேன் சார்."

"நேரா வச்சா எப்படிங்க இருபத்திரண்டு வரும்? பக்கத்துல முப்பது நிக்குதே."

அடித்தது போக மீதியைக் கூட்டி வகுத்து, நல்ல சரக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். எங்கள் பட்டறையில் அதுதான் வழக்கம். அதில் யாரும் தப்புப் பார்க்கவில்லை. உள்ளங்கை அகலப் பலகைகள் செய்தவரை எதுவும் கெட்டுப்போகவும் இல்லை.

கூத்தாநல்லூரிலிருந்து ஓர் ஆலைக்காரர் வந்தார். வளைகுடாவில் பல வருஷம் இருந்து திரும்பிப் புது ஆலை போட்டவர். சின்னப் பலகைகளுக்கு இடையில் உள்ள இடுக்கில் தவிடு அடைகிறது, நெல் சிக்குகிறது. சரிவு முழுக்க ஒரே பலகையாக வேண்டும் என்றார். முதலாளிக்குச் சந்தோஷம். எத்தனை மடங்கு நீளமோ அத்தனை மடங்கு கனமும் வைத்தார். சின்னது தாங்கியதை வைத்துப் பெரியது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து ஆலைக்காரர் போன் செய்தார். முதலாளி ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"என்னங்க அனுப்பிருக்கீங்க? நாலு நல்லா நிக்குது. மூணு, போல்ட்டு முடுக்கி மூட்டைய சாய்ச்சதுமே பொட்டுன்னு போயிடுச்சு. அப்பளமா செஞ்சு அனுப்புனீங்க?"

முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. சூப்பர்வைசர் உடனே, "சோதனைல சரியாத்தான் காட்டுச்சு. உடைக்கிற கை சரியில்லன்னா நாம என்ன பண்ண முடியும்?" என்றார்.

அன்று மாலையே அறைச் சாவியை முதலாளியின் மச்சினனிடம் கொடுத்துவிட்டார்கள். ஐ.டி.ஐ. படித்தவர், அதுவரை லாரிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைச் சுமை ஏற்றும் பக்கம் போகச் சொன்னார்கள். இந்த மாதம் பார்த்துவிட்டு மேலே வைத்துக்கொள்வதா என்று சொல்கிறோம் என்றார்கள். நான் தலையை ஆட்டினேன்.

கை நடுங்கித்தான் கணக்குப் பிசகியது என்று பேசிக்கொண்ட சுமைக்காரர்கள் எனக்குப் பெயர் வைக்க ஒரு நாள்கூட ஆகவில்லை.

"நடுக்கத்தண்ணே, பாத்துப் பிடிங்க. கீழ போட்டுட்டு கணக்கு தப்புன்னு சொல்லிடாதீங்க."

"டேய், அவருக்கு டீயை பாதி கிளாஸ் குடுடா, சிந்திடப் போவுது."

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் பேசுவார்கள். ஆனால் வல்லத்து வாடகை அறைக்கு வந்ததும் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் அசைவதுபோலவும் இருந்தது, அசையாததுபோலவும் இருந்தது. உற்றுப் பார்த்தால் யார் கையிலும் தண்ணீர் கொஞ்சம் அசையும்தானே. அப்படிச் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. கூட ஒருவர் இருந்தால் பிடித்துப் பார்க்கச் சொல்லலாம். தினமும் வேலை விட்டு வந்ததும் இதையே செய்தேன். கொஞ்ச நாளில் என் கைமேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

மறுபடி செய்து அனுப்பிய பெரிய பலகைகளிலும் சில உடைந்தன. மச்சினன் குச்சிகளை உடைத்துக்கொடுத்த தாளிலும் சூப்பர்வைசர் எதையோ அடித்துக்கொண்டுதான் இருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. கடைசியில் முதலாளி, தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இந்தப் பாடத்தைச் சொல்லித்தரும் அம்மா ஒருவரை அழைத்துவந்தார். வந்ததும் அவர் கேட்டது தாள்களைத்தான்.

"அடிச்சதெல்லாம் என்ன?"

"கை பிசகு மேடம்," என்றார் சூப்பர்வைசர்.

"எல்லாப் பிசகும் கம்மியாவேவா வரும்? அதிகமா வந்த ஒண்ணையாவது அடிச்சிருக்கீங்களா?"

சூப்பர்வைசர் தாள்களைப் புரட்டித் தேடினார். பிறகு அந்த அம்மா, முன்னால் உடைத்தது யார் என்று கேட்டு என்னைக் கூப்பிடச் சொன்னார். ஒரே சூளையில் வந்த குச்சிகளைக் கலந்து இரண்டு பங்காக்கினார். ஒன்று மச்சினனுக்கு, ஒன்று எனக்கு. கை எப்படி என்பது இன்று தெரிந்துவிடும் என்றார் முதலாளி. என் பங்கு மட்டும் தாறுமாறாக வந்தால் இந்த வேலை போய்விடும் என்பது எனக்குப் புரிந்தது.

முதல் குச்சியை வைக்கும்போது கை நிஜமாகவே நடுங்கியது. ஓரத்தை முட்டோடு சேர்த்து வைத்தேன். அழுத்த ஆரம்பித்தபின் கையை மறந்துவிட்டேன். இருபத்தெட்டு. அடுத்தது இருபத்திமூன்று. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். முப்பத்திரண்டு. இப்படியே மேலும் கீழுமாகப் போனது.

அந்த அம்மா இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, சின்னதிலிருந்து பெரியதுவரை எண்களை வரிசைப்படுத்தினார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஏறின. மச்சினனுக்கும் இருபத்திரண்டு ஒன்று வந்திருந்தது.

"கை காரணமில்லீங்க. சாமானே இப்படித்தான்," என்றார். உடைந்த ஒரு துண்டை எடுத்துப் பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார். "முறிஞ்ச முகத்தப் பாருங்க. கோடெல்லாம் எங்கேருந்து கிளம்புது?"

விசிறி மடிப்புபோலக் கோடுகள். எல்லாம் அடிப்பக்கத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தன. அங்கே ஊசிமுனையைவிடச் சின்னதாக ஒரு பள்ளம்.

"அழுத்துறப்போ அடிப்பக்கம் இழுபடும். அங்க இருக்குற பள்ளத்துலயோ கீறல்லயோ எது மோசமோ அதுலதான் பிளக்கும். மத்த இடமெல்லாம் எவ்ளோ நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. ஒவ்வொரு குச்சிலயும் மோசமான பள்ளம் வேற வேற அளவு. அதான் எடையும் வேற வேற."

"அப்ப பெரிய பலகை?" என்றார் முதலாளி. "கனமும் கூட்டித்தானே போட்டேன்?"

"ஒரு பிடி அரிசில பெரிய கல்லு இருக்கணும்னு இல்ல. இருந்தாலும் இருக்கும். ஒரு மூட்டைல தேடுனா கட்டாயம் அதவிடப் பெருசு ஒண்ணு கிடைக்கும்ல? பலகை பெருசாக ஆக, மோசமான பள்ளம் ஒண்ணு உள்ள மாட்டிக்கிற வாய்ப்பும் கூடுது. நாலு நின்னுது, மூணு போச்சுன்னீங்களே, அது இதுதான். அதுலயும் நீங்க கம்மியா வந்ததையெல்லாம் அடிச்சிட்டீங்க. பெரிய பலகையப் பத்தி உங்கள எச்சரிச்சதே அந்த எண்ணுதான்."

அவர் சொன்னதை நம்ப முதலாளிக்கு மனம் வரவில்லை. அதனால் அடுத்த சூளையில் அதே மாவில் பெரிய குச்சிகளும் சுட்டோம். சின்னது உடையும்போது அடிப்பக்கம் வரும் அதே இழுப்பு பெரியதில் வர எத்தனை எடை வைக்க வேண்டும் என்று அந்த அம்மா கணக்குப் போட்டுத் தந்தார். நான்தான் உடைத்தேன். ஒன்றிரண்டு அந்த எடையைத் தாண்டி நின்றன. பெரும்பாலானவை அதற்கு முன்பே போய்விட்டன. முதலாளி ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

ஆலைக்காரருக்கு மறுபடி சின்னப் பலகைகளே போயின. நெல் ஓடும் போக்கில் இடுக்கு வராதபடி சாய்வாக வெட்டி, ஒன்றுக்கொன்று மாற்றிப் பதிக்கும்படி செய்தார்கள். அனுப்புமுன் ஒவ்வொரு பலகையையும், ஆலையில் தாங்க வேண்டியதைவிடக் கூடுதலாக அழுத்திப் பார்க்க வேண்டும். மோசமானவை இங்கேயே உடைந்துவிடும். "அப்பவும் உடையவே உடையாதுன்னு யாரும் எழுதிக் குடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா கிளம்பினார்.

சாவியை என்னிடம் கொடுத்தது சூப்பர்வைசர்.

"நாளைலேந்து நீங்களே உள்ள போங்க. எல்லாப் பலகையும் அழுத்தணுமாம். வேலை ஜாஸ்தி."

சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவன், "நடுக்கத்தண்ணே, எங்கள விட்டுட்டுப் போறீங்களா?" என்றான். பெயர் அப்படியே தங்கிவிட்டது.

அன்று பஸ்ஸில் வரும்போது இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யார் யார் என்று நினைத்துப் பார்த்ததில் தங்கைதான் மிஞ்சினாள். இறங்கியதும் போன் செய்தேன். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பின்னால் அறுப்பு மிஷின் சத்தம்.

"என்னண்ணே, இந்நேரத்துல?"

"சும்மாதான். என் கையில நடுக்கம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"நடுக்கமா? யாருக்கு? டாக்டர்கிட்ட போனியா? சொல்லவே இல்லையே!"

"அதெல்லாம் இல்ல. வேலைல ஒரு விஷயம்..."

"இரு இரு, மிஷின்காரன் கூப்புடுறான். மாத்திரைய வேளைக்குப் போடு, என்ன?"

"சரி," என்றேன்.