முன்வரிசைக்குப் பின்னால் நின்றவள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு போட்டோ கடையில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. சுங்காய் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பிரிந்துபோன குடும்பங்கள் ஒன்றுகூடப் போவதாகவும், மண்டபச் சுவரில் மாட்ட எட்டடி நீளத்தில் எல்லாரும் சேர்ந்து நிற்கும் படம் வேண்டுமென்றும் ஓர் அண்ணன் வந்து சொன்னார். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர், அப்போது ஒரு தொழிற்சாலையில் காவலாளி.

எழுபது, எண்பதுகளில் எடுத்த படங்களை வீடுவீடாகப் போய் வாங்கி வந்திருந்தார். நாற்பத்திரண்டு பேர். கடைசியாகக் கொடுத்தது அவர் மனைவியின் படம். பொங்கலன்று கோயில் முன் நிற்கிறாள். வயிற்றின்மேல் ஒரு கை.

"இது ஒண்ணுதான் இருக்கு தங்கச்சி. ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ல அவ அக்கா வச்சிருக்கா. இன்னைக்கே திருப்பிக் குடுக்கணும்."

உடனே ஸ்கேன் செய்து கொடுத்தேன்.

என் கம்ப்யூட்டரில் மெமரி அறுபத்து நாலு எம்பி. பெரிய படம், எல்லாரும் ஒரே அடுக்கில், அதாவது ஒரே லேயரில், இருந்தாலே நூற்று முப்பதைத் தாண்டும். தனித்தனியே நகர்த்த ஆளுக்கொரு அடுக்கு என்றால் திறக்கவே திறக்காது. அதனால் நீள அகலம் இரண்டையும் கால்பங்காகக் குறைத்து ஒரு மாதிரிப் படம் செய்தேன். யார் எங்கே நிற்பது, எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் அதில் முடிவு செய்தேன். பிறகு பெரிய படத்தை வரிசை வரிசையாகத் தனித்தனிக் கோப்பில் கட்டினேன். இடங்களின் அளவை நாலால் பெருக்கினால் போதும்.

படத்தைத் திரையில் சட்டென்று காட்டுவதற்காக மென்பொருள் அதன் சிறிய நகல்களைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். 'கேஷ்' எனப்படும் அந்தச் சேமிப்பின் அளவை நாலிலிருந்து ஒன்றுக்கு இறக்கினேன். சுருக்கிப் பார்க்கும்போதெல்லாம் திரை மெதுவாகத்தான் நிரம்பும், ஆனால் மெமரி மிச்சம். செய்ததைத் திரும்பப் பெறும் படிகளையும் ஒன்றாகக் குறைத்தேன்.

அப்படியும் மெமரி பற்றாமல் மென்பொருள் ஹார்ட் டிஸ்கில் இடம் கேட்டு நின்றுபோனது. முடிந்த வரிசைகளை ஒரே படமாக்கி, அடுக்குகளை ஒன்றாக இணைத்துச் சேமித்தேன். வரிசைக் கோப்புகளையும் ஸ்கேன்களையும் அழித்தேன். படம் முடிந்து அச்சுக்குப் போனது.

ஒன்றுகூடலுக்கு நாலு நாள் முன்பு அண்ணன் மறுபடி வந்தார். மனைவியின் அக்கா வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, அந்தப் படம் கண்ணாடியோடு ஒட்டி உரிந்துவிட்டதாம்.

"ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்குலா? தனியா ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

பெரிய படத்தைத் திறந்து காட்டினேன். மனைவியின் முகம் தெளிவாக இருந்தது, மூக்குத்தி உட்பட. கழுத்துக்குக் கீழே முன்வரிசையில் நின்ற தோட்டத்து லாரி டிரைவரின் தோள் மறைத்தது.

"இவர நகத்தலாமா?"

"முடியாதுண்ணே. இணைச்சுட்டேன். அவருக்குப் பின்னால இருந்தது இப்ப இல்ல."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் படம் எடுத்தப்ப அவளுக்கு எட்டாவது மாசம்," என்றார். "அடுத்த மாசம் ஆஸ்பத்திரில ரெண்டு பேரும் போய்ட்டாங்க. புள்ளைய நான் பாக்கல. அந்த வயித்துலதான் பாத்தது."

இடம் வேண்டுமென்று அழித்தது நான்தான். அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மாதிரிப் படத்தை நான் இணைக்கவில்லை என்பது அவர் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. திறந்தேன். டிரைவரின் அடுக்கை மறைத்தேன். அவள் முழுதாக நின்றாள், கை வயிற்றில், ஆனால் கால்பங்கு அளவில். பெரிதாக்கினால் விரல்கள் கலங்கின. பெரிய படத்திலிருந்து முகத்தை வெட்டி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். முகம் மட்டும் உயிரோடு, உடம்பு பனிமூட்டத்தில். இரண்டு விதமாகவும் அச்சடித்து வைத்து, அவர் தொழிற்சாலைக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

மறுநாள் அண்ணன் இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தார். தெளிவான முகம் உள்ளதைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அதை என் பக்கம் தள்ளினார்.

"மங்கலா இருக்கறதே போதும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கட்டும்."

உறையில் போட்டுக் கொடுத்தேன். சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்று பஸ்ஸுக்குப் போனார்.

மண்டபத்தில் எல்லாரும் பெரிய படத்தின் முன்னால் கூடித் தங்கள் ஆட்களைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அந்தப் பக்கமே வரவில்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் இலைக்கு வந்தபோது, "நல்லா செஞ்சிருக்கீங்க தங்கச்சி," என்றார். அவர் சட்டைப் பையின் பொத்தான் போட்டபடியே இருந்தது.