கிளையைச் சொல்லும் ஆறு எண்கள்

எங்கள் ஷூ கம்பெனியில் இரண்டாம் லைனை மூடப் போகிறார்கள் என்று தெரிந்த மாதம், என்னைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பி, வருகையும் லீவும் பதிகிற டைம் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். பத்தாவது வரை படித்திருந்தேன், கையெழுத்தும் பரவாயில்லை. இந்த இரண்டும் போதும் என்று டைம் ஆபீஸ் சார் சொன்னார். வேலை இதுதான்: போகிற பெண்கள் எல்லோரிடமும் கேன்சல் செய்த ஒரு செக் தாளை வாங்கி, அதில் இருக்கும் விவரத்தை அவர்களுடைய பி.எஃப். படிவத்துக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பெயர் அச்சடித்த தாளாக இருக்க வேண்டும். எங்களில் பாதிப்பேரிடம் செக் புத்தகமே கிடையாது. ஆளாளுக்கு பேங்கில் போய் நின்றார்கள்.

முதல் நாளே ஏழு பேருடையது தப்பாகிவிட்டது. நான் செக்கின் அடியில் பட்டையாக அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து அடித்திருந்தேன். சார் தலையில் அடித்துக்கொண்டார்.

"அது இல்லம்மா. அது செக்கைப் பிரிக்கிற மெஷினுக்கு. மேல பாரு, பேங்க் அட்ரஸ் பக்கத்துல. எழுத்தும் நம்பருமா பதினொண்ணு இருக்குதா? முதல் நாலு எழுத்து எந்த பேங்குன்னு சொல்லும். அஞ்சாவது எப்பவும் சைபர்தான், ஓ போட்டுடாத, பேஜாராயிடும். கடைசி ஆறுதான் கிளை. ஆம்பூருக்கு ஒண்ணு, வேலூருக்கு ஒண்ணு. ஒரு கிளைக்கு இருக்கிறது இன்னொண்ணுக்கு இருக்காது."

"அந்த சைபர் எதுக்கு சார்?"

"பின்னாடி தேவைப்பட்டா இருக்கட்டும்னு விட்டு வச்சிருக்கான். உனக்கு அது எதுக்கு? அடி."

அதற்குப் பிறகு தப்பு வரவில்லை. பதினொன்றையும் அடித்தால் பேங்கின் பெயரும் கிளையின் பெயரும் தானாகவே பக்கத்துக் கட்டத்தில் வந்துவிடும். அது வருவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

என் மெஷினுக்குப் பக்கத்து மெஷின்காரி பதினேழு வருடத் தோழி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் கூச்சக்காரி. சூப்பர்வைசர் என்னிடம் ஏதாவது கேட்டால் அவள்தான் பதில் சொல்வாள். லீவு கேட்பது, ஊசி மாற்றச் சொல்வது, கேன்டீனில் குழம்பு கம்மி என்று சண்டை போடுவது எல்லாம் எனக்கும் சேர்த்து அவள்தான். "இவளுக்கு வாய் நான்தான் சார். வாடகை கூட வாங்கறதில்ல" என்பாள். லைனே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

லைன் மூடுகிற பேச்சு வந்தபோது, ராணிப்பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் புதிதாக ஆரம்பித்த ஒரு கம்பெனி ஆள் எடுப்பதாக பஸ் ஸ்டாப் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவள்தான் நம்பரைக் குறித்துக்கொண்டாள். எங்கள் இருவர் பெயரையும் அவளே போனில் சொன்னாள். எனக்கு வேறு வழி எதுவும் இருக்கவில்லை. என் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அவங்க வேணாம்னுட்டாங்கடி. நாப்பது தாண்டினவங்களை எடுக்கறதில்லையாம்."

"ரெண்டு பேரையுமா?"

"ரெண்டு பேரையும்தான். கெழவிங்க ஆயிட்டோம், போ."

அன்று அவளுக்குத்தான் நான் ஆறுதல் சொன்னேன்.

அவள் தன் செக் தாளைக் கடைசி நாளில்தான் கொண்டுவந்தாள். புத்தம்புதிய தாள். குறுக்கே இரண்டு கோடு போட்டு, தடித்த மார்க்கரில் கேன்சல் என்று எழுதியிருந்தாள். எழுத்து சரியாகக் கிளையின் விலாசத்தின் மேல் விழுந்து, அதை முழுதாக மறைத்திருந்தது. பெயரும் கணக்கு எண்ணும் அந்தப் பதினொன்றும் மட்டும் தெளிவாக இருந்தன.

"எந்தக் கிளைடி?"

"ஆம்பூர்தான். பஜார்ல இருக்குதே. மகளிர் குழுக் கடனுக்கு ஆரம்பிச்ச கணக்கு. சீக்கிரம் போட்டு அனுப்பு." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடித்தேன். பக்கத்துக் கட்டத்தில் ராணிப்பேட்டை எஸ்டேட் கிளை என்று வந்தது.

நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து அழித்து மறுபடி அடித்தேன். அதேதான் வந்தது. அதே பேங்கின் ஆம்பூர் பஜார் கிளையில் கணக்கு வைத்திருந்த மூன்று பேரின் தாள்கள் கட்டுக்குள் இருந்தன. எடுத்து அவளுடையதோடு வரிசையாக வைத்தேன். நாலு எழுத்தும் சைபரும் எல்லாவற்றிலும் ஒன்று. மூன்றிலும் கடைசி ஆறும் ஒன்று. அவளுடையதில் மட்டும் வேறு.

அச்சில் ஏதோ தப்பு என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். பேங்க் அச்சடித்ததில் என்ன தப்பு வரும்? ஆம்பூரில் குடியிருப்பவள், ஆம்பூரில் வேலை பார்ப்பவள், அங்கே போய் எதற்குக் கணக்கு ஆரம்பிக்க வேண்டும்? அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, வேலூர் ஆஸ்பத்திரி என்று இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். அந்த லீவை ரிஜிஸ்டரில் எழுதியவளும் நான்தான். புதுக் கம்பெனிகளில் ஆளை எடுத்த உடனேயே பக்கத்துக் கிளையில் எல்லோருக்கும் மொத்தமாகச் சம்பளக் கணக்கு ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். அவளுடைய அந்தப் பழைய கணக்குக்குச் செக் புத்தகம் கிடையாது, பெயர் அச்சடித்த தாள் இந்தப் புதுக் கணக்குக்குத்தான் வந்திருக்கும்.

டீ நேரத்தில் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ராணிப்பேட்டைல எப்போ சேர்ற?" என்றேன். பதினேழு வருடத்தில் நான் முதலில் பேச்சை ஆரம்பித்தது அதுவாகத்தான் இருக்கும்.

"இன்னாடி ஒளர்ற? யாரு சொன்னது?"

"உன் செக்குதான். கடைசி ஆறு நம்பர் கிளைக்கு. அது ஆம்பூர் இல்ல."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"ஒண்ணாம் தேதி" என்றாள். "நாத்தனாரும் வர்றா. அவ வீட்டுல ரொம்பக் கஷ்டம். ரெண்டு இடம்தான் இருந்துச்சு."

"நாப்பது தாண்டினா எடுக்கலன்னியே?"

"இல்லன்னா நீ கேட்டுக்கிட்டே இருப்ப. இண்டர்வியூல நின்னு பேசணும்டி. மூணு பேரு உக்காந்து கேக்கறானுங்க. நீ இன்னா பண்ணியிருப்ப? என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னிருப்ப."

அது உண்மைதான். உண்மை என்பதால்தான் அப்படி வலித்தது. என் வாயாக இருந்தவள் என் வாயில்லாமையைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவளுடைய வரி அப்படியே திரையில் இருந்தது. கடைசியில் ஒரு எண்ணை மாற்றி அடித்தால் போதும், அவள் படிவம் அலைந்து திரும்பி வரும். விரல் அங்கே போனது. எதையும் மாற்றாமல் சேமித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். நல்ல மனசு என்று சொல்ல மாட்டேன். தப்பு வந்தால் சார் என்னைத்தான் கேட்பார், அவ்வளவுதான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் சுவரில் பாதி கிழிந்து கிடந்த நோட்டீஸில் இருந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். ஊரும் பெயரும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பையன் காகிதம் புரட்டினான்.

"ஆமாங்க, உங்க பேரு இருக்குது. நேர்ல வரச் சொல்லியிருந்தோம். உங்களுக்கு இஷ்டம் இல்ல, வீட்டுல அனுப்ப மாட்டாங்கன்னு உங்க கூட வேலை செய்றவங்க சொல்லிட்டாங்களே? உங்க இடத்துல அவங்க சொந்தக்காரங்களை எடுத்துட்டோம்."

என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்காகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

"நான் சொல்லல" என்றேன்.

"என்னங்க?"

"எனக்கு இஷ்டம் இல்லன்னு நான் சொல்லல. வேற யாரோ சொன்னது. இன்னொரு தடவை எப்போ எடுப்பீங்க?"

"தெரியாதுங்க. வேணும்னா பேரை மறுபடி எழுதிக்கறேன்."

"எழுதிக்குங்க. இந்த நம்பருக்கே கூப்பிடுங்க. நானே பேசுவேன்."

கம்பெனி பஸ் வந்து நின்றது. அவள் முன்னால் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். நான் ஏறவில்லை. டவுன் பஸ்ஸுக்கு நின்றேன். அரை மணி நேரம் ஆனது.